முன்னெழுத்து மட்டுமே உள்ள தமிழ்ப் பெயர்கள்: அயல்நாட்டுப் பதிவுகளுக்காக அடையாள ஆவணங்களை மொழிபெயர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் ‘கோமதி’ என்றும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘கு. கோமதி’ என்றும், திருமணத்துக்குப் பிந்தைய குடும்ப அட்டையில் ‘த. கோமதி’ என்றும் இருந்தால், தமிழ்நாட்டில் எந்த அலுவலரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்து திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்தாக மாறியிருக்கிறது என்று பார்த்தவுடன் புரிந்துகொள்வார். இதே மூன்று ஆவணங்களும் ஆங்கிலமாக்கப்பட்டு ஒரு கனடா நாட்டு அலுவலரின் மேசைக்குப் போகும்போது, அவர் தேடுவது குடும்பப் பெயரை. அது எங்கும் இல்லை. இருக்கும் ஒற்றை எழுத்தும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுகிறது. மொழிபெயர்ப்பாளரும் கவனமில்லாமல் ஓர் ஆவணத்தில் T. என்றும் மற்றொன்றில் D. என்றும் எழுதியிருந்தால், ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார்.

தமிழ்நாட்டு ஆவணங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்களுக்கும், மொழிபெயர்ப்பைப் பெற்று அயல்நாட்டு அலுவலகத்தில் கொடுப்பவர்களுக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. இலங்கைத் தமிழர் பலர் தந்தையின் பெயரை முழுமையாக முன்னே எழுதித் தம் பெயரைப் பின்னே எழுதுவதால், அங்கு எழும் சிக்கல் முன்னெழுத்தைப் பற்றியதாக இல்லாமல் பெயர்களின் வரிசையைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

தொடங்கும் முன் ஒரு பிரிவினையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பு மூல ஆவணத்தில் உள்ளதை மட்டும் சொல்லும். விண்ணப்பப் படிவம் கடவுச்சீட்டில் உள்ளதைச் சொல்லும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்வது பெயருக்கு உரியவர் கையெழுத்திடும் பிரமாணப் பத்திரத்தின் வேலை. இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்து, ‘கு. கோமதி’ என்பதை மொழிபெயர்ப்பிலேயே GOMATHI KUMARASAMY என்று விரித்து எழுதிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. உதவி செய்வதாக நினைத்தே இதைச் செய்கிறார்கள். ஆனால் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிடும் தமிழறிந்த ஒருவர் தூதரகத்தில் இருந்தால், மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை மொழிபெயர்ப்பாளர் சேர்த்திருக்கிறார் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அதன்பின் மொத்தக் கோப்பின் மீதும் ஐயம் விழும்.

முன்னெழுத்து எதைக் குறிக்கிறது என்று முதலில் கண்டறிதல்

பெரும்பாலான பெயர்களில் முன்னெழுத்து தந்தையின் பெயரிலிருந்து வருகிறது. ஆனால் எப்போதும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு எழுத்துகள் இருந்தால் அவை ஊரும் தந்தையும் ஆகலாம், பாட்டனும் தந்தையும் ஆகலாம். மு. க. ஸ்டாலின் என்ற பெயரில் முதலெழுத்து பாட்டனார் முத்துவேலருக்கும் இரண்டாம் எழுத்து தந்தை கருணாநிதிக்கும் உரியது. சி. என். அண்ணாதுரை என்ற பெயரிலோ முதலெழுத்து ஊருக்கு உரியது. தெலுங்கு பேசும் குடும்பங்களில் அது வீட்டுப் பெயராகவும் இருக்கலாம். தாயின் பெயரின் முதலெழுத்தைக் கொண்டவர்களும் உண்டு. திருமணமான பெண்ணுக்கு அது கணவர் பெயரின் முதலெழுத்தாக மாறியிருக்கலாம். மாறாமலே தந்தையின் எழுத்தாகத் தொடரவும் செய்யலாம். ஒரே பெண்ணுக்கு ஆதாரில் ஒன்றும் வங்கிக் கணக்கில் மற்றொன்றும் இருப்பது மிகச் சாதாரணம்.

ஆகவே ஓர் ஆவணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. மொழிபெயர்க்கக் கொடுத்தது ஒரே ஒரு பிறப்புச் சான்றிதழ் ஆனாலும், அந்த ஆளின் கடவுச்சீட்டு நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றையும், தந்தை அல்லது கணவரின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஏதேனும் ஓர் அரசு ஆவணத்தையும் கேட்டு வாங்க வேண்டும். கடவுச்சீட்டின் முகப்புப் பக்கம் மட்டும் போதாது. தந்தை, தாய், வாழ்க்கைத்துணை ஆகியோரின் பெயர்கள் அச்சிடப்பட்ட கடைசிப் பக்கமும் வேண்டும். முன்னெழுத்துக்கான விடை பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஆங்கில எழுத்தை முடிவு செய்தல்

இதுதான் இந்த வேலையின் நுட்பமான இடம். தமிழில் முன்னெழுத்தை உயிர்மெய்யோடு சேர்த்து ‘கு.’, ‘மு.’, ‘செ.’ என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து மட்டும் வரும் என்பதால் மு. என்பது M. ஆகும், Mu. என்று எழுதுவது பிழை. இது எளிது. ஆனால் தமிழ் எழுத்தைப் பார்த்து மட்டும் ஆங்கில எழுத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. க என்ற எழுத்து கந்தசாமிக்கு K ஆகவும் கணேசனுக்கு G ஆகவும் வரும். ப என்பது பழனிசாமிக்கு P, பாலுசாமிக்கு B. த என்பது தங்கவேலுக்கு T, தண்டபாணிக்கு பலரிடம் D. ச வரிசை இன்னும் விரிந்தது. செல்வத்துக்கு S, சின்னசாமிக்கு C, கிரந்த எழுத்தைத் தவிர்த்துச் ‘செயராமன்’ என்று எழுதும் குடும்பத்தில் அதே ‘செ.’ என்பது J ஆகிவிடும்.

சொல்லின் முதலில் ர, ல ஆகிய எழுத்துகள் வரக் கூடாது என்ற மரபைப் பின்பற்றி எழுதப்பட்ட பெயர்களில் வேறொரு பொறி இருக்கிறது. ‘இரா. குமாரசாமி’ என்பதில் உள்ள இரா. இராமசாமியைக் குறிப்பதால் ஆங்கிலத்தில் R. ஆக வேண்டும். இகரத்தைப் பார்த்து I. என்று எழுதிய மொழிபெயர்ப்புகள் உண்டு. அரங்கநாதன் R ஆகவும், இலட்சுமணனும் உலோகநாதனும் L ஆகவும் வருவது இதே காரணத்தால்தான். இவற்றில் ‘அ.’, ‘இ.’, ‘உ.’ என்று ஒற்றை உயிரெழுத்து மட்டும் முன்னெழுத்தாக நின்றால், அது அருணாசலமா அரங்கநாதனா என்று அறியாமல் எந்த ஆங்கில எழுத்தையும் போட முடியாது.

ஊர்ப் பெயரில் வரும் எழுத்துக்கு ஊரின் பழைய ஆங்கில வடிவம் காரணமாக இருக்கலாம். அண்ணாதுரையின் பெயரில் C வந்தது, காஞ்சிபுரத்தை அந்நாளில் ஆங்கிலத்தில் Conjeevaram என்று எழுதியதால். தமிழில் அதை ‘கா.’ என்று எழுதும் ஆவணம் ஒன்று வந்தால், K என்று எழுதுவது ஒலிப்படி சரியாக இருந்தும் ஆளின் மற்ற ஆவணங்களோடு பொருந்தாது. இன்னொரு வகை, ‘எஸ். முருகன்’, ‘ஆர். கமலா’ என்று ஆங்கில எழுத்தின் பெயரையே தமிழில் எழுதியிருப்பது. அங்கு ஐயத்துக்கு இடமில்லை, S., R. என்று நேரே எழுதிவிடலாம்.

முடிவு செய்யும் வரிசை இதுதான்: அந்த முன்னெழுத்துக்கு உரியவரின் பெயர் அவருடைய சொந்தக் கடவுச்சீட்டிலோ விண்ணப்பதாரரின் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்திலோ ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ, அதன் முதலெழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஆங்கிலத்தில் உள்ள எழுத்தைப் பார்க்கலாம். ஆதாரை இதற்குப் பின்னே வைப்பது என் வழக்கம். அதில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் இருந்தாலும், ஒன்றிலிருந்து மற்றொன்று தானியங்கி முறையில் எழுத்து மாற்றப்பட்டுப் பிழையோடு அச்சாகியிருப்பதைப் பலமுறை காண நேர்கிறது. எந்த ஆவணமும் கிடைக்காத நிலையில்தான் வழக்கமான ஒலிப்பை நம்ப வேண்டும். அப்போது தமிழ் எழுத்து இன்னது என்பதையும் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆங்கில எழுத்துகள் பொருந்தும் என்பதையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

ஆளின் பெயருக்கும் இதே விதிதான். கடவுச்சீட்டில் GOMATHI என்று இருந்தால் எல்லா மொழிபெயர்ப்புகளிலும் GOMATHI என்றே இருக்க வேண்டும். உங்கள் காதுக்கு Komathi சரியென்று பட்டாலும் அதற்கு இங்கு இடமில்லை. ஜெர்மனியில் இதற்கு ஓர் ஒப்பந்தமே அடிப்படை. குடிமைப் பதிவேடுகளில் பெயர்களை எழுதும் முறை குறித்து 1973ஆம் ஆண்டு பேர்ன் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, லத்தீன் எழுத்தில் பெயர் எழுதப்பட்ட அதிகாரபூர்வ ஆவணம் இருந்தால் அந்த எழுத்துக்கோவையையே பதிவேட்டில் எழுதுவார்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ISO ஒலிபெயர்ப்பு முறைப்படி எழுதுவார்கள். தமிழுக்குப் பொருந்தும் ISO 15919 முறையில் கோமதி என்பது kōmati என்றும், தனசேகரன் என்பது taṉacēkaraṉ என்றும் வரும். கடவுச்சீட்டு நகலை மொழிபெயர்ப்போடு இணைக்க மறந்த ஒருவரின் திருமணப் பதிவில் இந்த வடிவம் ஏறிவிட்டால், பின்பு திருத்துவது எளிதான காரியமாக இருக்காது.

மொழிபெயர்ப்பில் பெயரை எழுதும் முறை

மூலத்தில் முன்னெழுத்து பெயருக்கு முன்னே இருந்தால் மொழிபெயர்ப்பிலும் முன்னே இருக்க வேண்டும். பின்னே இருந்தால் பின்னே. அதைத் தொடரும் புள்ளியையும் விட வேண்டாம். புள்ளி இருந்தால்தான் அது ஒரு சுருக்கம் என்று அயல்நாட்டு அலுவலருக்குத் தெரியும். புள்ளி இல்லாமல் GOMATHI K என்று நின்றால், K என்பதே அவருடைய குடும்பப் பெயர் என்று கணினியில் பதிவு செய்துவிடுவார்கள். மதிப்பெண் சான்றிதழ்களில் இப்படிப் புள்ளியில்லாமல்தான் அச்சாகிறது. அது ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருப்பதால் நாம் தொட முடியாது. நம் மொழிபெயர்ப்பிலாவது புள்ளி இருக்கட்டும்.

மூலத்தில் ‘பெயர்’ என்று ஒரே கட்டம் இருந்தால் மொழிபெயர்ப்பிலும் பெயர் என்ற ஒரே கட்டமே இருக்க வேண்டும். இடுபெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களாகப் பிரித்து ஒன்றில் கோமதியையும் மற்றொன்றில் முன்னெழுத்தையும் இடும் வார்ப்புருக்களைச் சில மொழிபெயர்ப்பு நிலையங்கள் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய மொழி ஆவணங்களுக்காக உருவாக்கப்பட்ட அவற்றைத் தமிழ் ஆவணங்களுக்குப் பயன்படுத்துவதை விட்டுவிட வேண்டும்.

பழைய பிறப்புச் சான்றிதழ்களில் குழந்தையின் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது உண்டு. அது காலி என்றே மொழிபெயர்ப்பில் சொல்லப்பட வேண்டும். பின்னாளில் வைக்கப்பட்ட பெயரை மொழிபெயர்ப்பாளர் அங்கே நிரப்பக் கூடாது. பிறப்பைப் பதிவு செய்த அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கிவரும்படி சொல்வதே சரியான வழி. அது கிடைத்த பின் மொழிபெயர்ப்பைத் தொடங்கினால் இரட்டை வேலையும் மிச்சம்.

‘த/பெ’, ‘க/பெ’ என்ற சுருக்கங்களை முறையே தந்தை பெயர், கணவர் பெயர் என்று முழுமையாக விரித்து மொழிபெயர்க்கலாம். இவை பெயரின் பகுதியல்ல என்பதால் விரிப்பதில் தவறில்லை. ‘முத்து என்கிற முத்துக்குமார்’ என்று இருந்தால் இரண்டு பெயர்களையும் அதே வரிசையில் விடாமல் எழுத வேண்டும். ‘திரு’, ‘திருமதி’, ‘செல்வி’ ஆகியவற்றை ஆங்கில மரியாதை அடைமொழிகளாக மாற்றிவிட்டால் போதும்.

முன்னெழுத்தின் பொருளை விளக்க வேண்டிய இடத்தில், பெயருக்குப் பக்கத்திலேயே விளக்காமல், பக்கத்தின் அடியில் சதுர அடைப்புக்குறிக்குள் மொழிபெயர்ப்பாளர் குறிப்பாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அக்குறிப்பில் இருக்க வேண்டிய செய்திகள் சிலவே. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் என்ற உறுப்பு இல்லை. பெயருக்கு முன் உள்ள எழுத்து இன்னாருடைய பெயரின் முதலெழுத்து. அது இன்ன ஆவணத்தில் உள்ள பெயரிலிருந்து அறியப்பட்டது. ஆங்கில எழுத்துக்கோவை கடவுச்சீட்டைப் பின்பற்றியது. இதற்கு மேல் எழுதினால் அது குறிப்பாக இல்லாமல் வாதமாகிவிடும். குறிப்பில் சொல்வது எல்லாம் கண்ணால் பார்த்த ஆவணத்தின் அடிப்படையில் இருக்க வேண்டும். ‘அது எங்க அப்பா பேரு சார், போட்டுடுங்க’ என்று வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சொன்னதைக் குறிப்பாக எழுதி அதற்கு நீங்கள் கையெழுத்திட்டால், பொய்யென்று தெரிய வரும்போது பொறுப்பு உங்களுடையது.

ஒரு குடும்பத்தின் கோப்பு

தொடக்கத்தில் சொன்ன கோமதியின் கோப்பையே முழுதாகப் பார்ப்போம். பெயர்கள் கற்பனையானவை, சேர்க்கை அன்றாடம் காண்பது. கோமதி, கணவர் தனசேகரன், மகன் ஆதவன் ஆகிய மூவரும் கனடாவில் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கிறார்கள். கோமதியின் கடவுச்சீட்டு திருமணத்துக்கு முன் எடுக்கப்பட்டது. அதில் சர்நேம் என்ற இடத்தில் KUMARASAMY என்றும் கிவன் நேம் என்ற இடத்தில் GOMATHI என்றும் உள்ளன. கணவருக்கு BALUSAMY, DHANASEKARAN. மகனுக்கு DHANASEKARAN, ADHAVAN. மூவரும் தத்தம் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயருக்கான இடத்தில் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ‘கோமதி’, தந்தையின் பெயர் ‘இரா. குமாரசாமி’. மொழிபெயர்ப்பில் GOMATHI என்று மட்டுமே வரும். மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகட்டும் என்று K. சேர்க்கும் ஆசை எழும், சேர்க்கக் கூடாது. தந்தையின் பெயர் R. KUMARASAMY. கோமதியின் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தையின் பெயர் RAMASAMY KUMARASAMY என்று இருப்பதால் இரா. என்பதற்கு R. உறுதியாகிறது.

பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘கு. கோமதி’. இது K. GOMATHI. தந்தையின் பெயர் குணசேகரனாக இருந்து அவருடைய ஆவணங்களில் Gunasekaran என்று எழுதப்பட்டிருந்தால் இதே கு. என்பது G. ஆகியிருக்கும் என்பதைக் கவனிக்கவும். பக்க அடியில் குறிப்பு: முன்னெழுத்து தந்தை குமாரசாமியின் பெயரிலிருந்து வந்தது, பிறப்புச் சான்றிதழ் காண்க.

திருமணச் சான்றிதழில் மணமகள் ‘கு. கோமதி, த/பெ இரா. குமாரசாமி’ என்றும், மணமகன் ‘பா. தனசேகரன், த/பெ மு. பாலுசாமி’ என்றும் உள்ளன. இங்கே பா. என்பது B. ஆக வேண்டும். கணவரின் கடவுச்சீட்டைப் பார்க்காத ஒருவர் P. என்று எழுதியிருப்பார். மு. என்பதற்கு ஆங்கிலத்தில் M. என்பதைத் தவிர வேறு வழியில்லை. அது யாருடைய பெயர் என்று ஆராய வேண்டியதும் இல்லை. மணமகனின் தந்தையின் முன்னெழுத்து இக்கோப்பில் எந்த முடிவையும் பாதிக்காது என்பதால் அதற்குக் குறிப்பு எழுதாமல் விட்டுவிடலாம். எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதினால் முக்கியமான குறிப்பு கண்ணில் படாது.

குடும்ப அட்டையில்தான் நெருக்கடி. தலைவர் ‘பா. தனசேகரன்’, மனைவி ‘த. கோமதி’, மகன் ‘த. ஆதவன்’. இங்கே த. என்பதை வழக்கமான ஒலிப்பை வைத்து T. GOMATHI என்று எழுதினால், அந்த T எங்கிருந்து வந்தது என்பதற்குக் கோப்பில் எந்தச் சான்றும் இருக்காது. கணவரின் கடவுச்சீட்டில் DHANASEKARAN என்று இருப்பதால் D. GOMATHI, D. ADHAVAN என்பவையே சரி. குறிப்பில் இரண்டு செய்திகள் வர வேண்டும். மனைவியின் பெயருக்கு முன் உள்ளது கணவரின் பெயரின் முதலெழுத்து, திருமணத்துக்குப் பின் அவ்வாறு மாற்றிக்கொள்வது வழக்கம். மகனின் பெயருக்கு முன் உள்ளது தந்தையின் பெயரின் முதலெழுத்து. தாய்க்கும் மகனுக்கும் ஒரே எழுத்து இருக்க, கடவுச்சீட்டில் இருவருக்கும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள் இருக்கும் முரண்பாட்டை அலுவலர் கேள்வியாக எழுப்பும் முன்பே இந்தக் குறிப்பு விடை சொல்லிவிடுகிறது.

இனி நான்கு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கோமதியின் பெயர் மூன்று வடிவங்களில் இருக்கிறது: GOMATHI, K. GOMATHI, D. GOMATHI. மூலங்களில் மூன்று வடிவங்கள் இருப்பதால் மொழிபெயர்ப்பிலும் மூன்று இருக்கத்தான் வேண்டும். நான்காவதாக ஒன்று தோன்றியிருந்தால் அது நம் பிழை. வேலை முடிந்ததும் இப்படி எண்ணிப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனையை நான் அறியேன்.

விண்ணப்பப் படிவத்தில் நிரப்புதல்

படிவத்தை நிரப்பும்போது தமிழ் ஆவணங்களை மறந்துவிட்டுக் கடவுச்சீட்டை மட்டும் பார்க்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது முன்னெழுத்தை விரித்து எழுதும்படி கேட்பதால், பெரும்பாலானோரின் கடவுச்சீட்டில் தந்தை அல்லது கணவரின் பெயர் முழுதாக இருக்கும். ஆனால் அது சர்நேம் என்ற இடத்தில் இருக்கிறதா, அல்லது சர்நேம் காலியாக விடப்பட்டு இரண்டு பெயர்களும் கிவன் நேமில் சேர்ந்து நிற்கின்றனவா என்பதைப் பொறுத்து நிரப்பும் முறை மாறும்.

சர்நேம் காலியாக இருப்பவர்களுக்கு நாட்டுக்கு நாடு வழி வேறு. அமெரிக்க விசாவுக்கான DS-160 படிவத்தில் முழுப் பெயரும் குடும்பப் பெயருக்கான கட்டத்துக்குப் போகும். இடுபெயர்க் கட்டத்தில் FNU என்று எழுத வேண்டும். இடுபெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகி, அமெரிக்கா சென்ற பின் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் ‘FNU’ என்பதே ஒருவரின் முதற்பெயராக ஆகிவிட்ட கதைகளைப் பல குடும்பங்களில் கேட்கலாம். கனடாவின் குடிவரவுத் துறையும் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதச் சொல்கிறது. ஆனால் இடுபெயர்க் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் 21 முதல், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல் மட்டுமே பெயராக உள்ள சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னர் வந்தது. ஜெர்மன் குடியுரிமை பெற்று, தம் பெயர் ஜெர்மன் சட்டத்தின் கீழ் வந்தவர்கள், தம் பெயரின் உறுப்புகளில் எது இடுபெயர், எது குடும்பப் பெயர் என்று குடிமைப் பதிவு அலுவலகத்தில் அறிவிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

சர்நேம் காலியாக உள்ள கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு நெடுங்காலம் வெளிநாட்டில் வாழப் போகிறவர், விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே கடவுச்சீட்டை மறுவெளியீடு செய்து இரண்டு பெயர்களையும் பிரித்து எழுதி வாங்குவது நல்லது என்பது என் கருத்து. எந்தப் பெயர் குடும்பப் பெயராக எழுதப்படுகிறதோ அந்தப் பெயரால்தான் அயல்நாட்டில் எல்லோரும் அழைப்பார்கள் என்பதையும், தந்தையின் பெயரால் அழைக்கப்படுவது சிலருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

பிரமாணப் பத்திரமும் அரசிதழும்

கோமதியின் கோப்பில் மொழிபெயர்ப்புக் குறிப்புகள் மட்டும் போதாது. KUMARASAMY GOMATHI, K. GOMATHI, D. GOMATHI, GOMATHI ஆகிய நான்கும் தம் ஒருவரையே குறிக்கின்றன என்று கோமதியே ஒரு பிரமாணப் பத்திரத்தில் கூறி, நோட்டரி வழக்கறிஞர் முன் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தை நேரடியாக ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம். அதில் பெயர் வடிவம் ஒவ்வொன்றுக்கும் நேரே அது காணப்படும் ஆவணத்தின் பெயர், எண், வழங்கப்பட்ட தேதி ஆகியவை இருக்க வேண்டும். ‘எனது பல்வேறு ஆவணங்களில்’ என்று பொதுவாக எழுதப்பட்ட பத்திரங்கள் பயன்படுவதில்லை. பெயர்கள் மொழிபெயர்ப்பில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதால், மொழிபெயர்ப்பு முடிந்த பின்பே பத்திரத்தைத் தயாரிக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பத்திரத்தில் T. என்று இருக்கிறது, மொழிபெயர்ப்பையும் அப்படியே மாற்றுங்கள் என்று கேட்டுவருகிறார்கள். மாற்றக் கூடாது, பத்திரத்தைத்தான் புதிதாக எழுத வேண்டும்.

பிரமாணப் பத்திரம் பெயரை மாற்றுவதில்லை. ஏற்கெனவே உள்ள பெயர்கள் ஒருவருடையவை என்று மட்டும் சொல்கிறது. எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு பெயரை ஒருவர் இனிமேல் பயன்படுத்த விரும்பினால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட்டு, அதன் அடிப்படையில் கடவுச்சீட்டை மாற்ற வேண்டும். முன்னெழுத்தின் விரிவு மட்டுமே வேறுபாடாக இருக்கும் பெரும்பாலான கோப்புகளுக்கு அரசிதழ் தேவைப்படுவதில்லை. எனினும் தந்தையின் பெயரே ஓர் ஆவணத்தில் ‘குமாரசாமி’ என்றும் மற்றொன்றில் ‘குமரன்’ என்றும் இருந்தால், அதை முன்னெழுத்துச் சிக்கலாகக் கருதக் கூடாது. எந்த ஆவணம் பிழையோ அதை வழங்கிய அலுவலகத்திலேயே திருத்த வேண்டும்.

சான்றுரை

ஒவ்வொரு மொழிபெயர்ப்பின் இறுதியிலும் மொழிபெயர்ப்பாளரின் சான்றுரை இருக்கும். அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குச் செல்பவற்றில், மொழிபெயர்ப்பு முழுமையானது, துல்லியமானது என்பதையும், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கத் தகுதி உண்டு என்பதையும் மொழிபெயர்ப்பாளர் உறுதியளிக்க வேண்டும். கனடாவுக்குச் செல்பவற்றில், மொழிபெயர்ப்பாளர் தொழில்முறை அமைப்பின் சான்று பெற்றவராக இல்லையென்றால், அவர் தாமே ஒரு பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். குடும்பத்தினர் மொழிபெயர்த்தவற்றைக் கனடா ஏற்பதில்லை, அவர்கள் எவ்வளவு தேர்ந்தவர்களானாலும். சான்றுரையில் விண்ணப்பதாரரின் பெயரைக் குறிப்பிட நேர்ந்தால், அந்தக் குறிப்பிட்ட ஆவணத்தில் உள்ள வடிவத்தையே எழுத வேண்டும். குடும்ப அட்டையின் சான்றுரையில் D. GOMATHI என்பதற்குப் பதிலாகக் கடவுச்சீட்டுப் பெயரை எழுதிவிடுவது, மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கத்தில் நுழையும் நான்காவது வடிவமாகிவிடும்.

கோப்பு போன பின்பும் பெயர் குறித்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரலாம். அப்போது மொழிபெயர்ப்பைத் திருத்தி அனுப்ப வேண்டாம். முதலில் கொடுத்ததற்கும் இரண்டாவதற்கும் வேறுபாடு தெரிந்தால் நிலைமை மோசமாகும். பிரமாணப் பத்திரத்தையும், முன்னெழுத்துக்கு உரியவரின் கடவுச்சீட்டு நகலையும், ஏற்கெனவே கொடுத்த மொழிபெயர்ப்பின் அதே நகலையும் இணைத்து, எந்தக் குறிப்பு எந்தப் பக்கத்தில் உள்ளது என்பதைச் சுட்டும் ஒரு பக்கக் கடிதத்தோடு விண்ணப்பதாரர் அனுப்பினால் போதும்.